பில் 40,000, கணக்குப்படி கட்ட வேண்டியது 35,280: நடுவில் இருக்கும் 4,720 யார் ஏட்டில் எங்கே போகும்?

புதுப்பேரேடு · ஜூன் 9, காலை

ஒரு கொள்முதல். 100 உருப்படி, பட்டியல் விலை ஒன்றுக்கு 500, ஆக 50,000. அதில் 20% கழித்து 40,000-க்கு பில் வந்தது. பில் தேதி மே 31. அடியில் ஒரு வரி: "10 நாளுக்குள் கட்டினால் 2% தள்ளுபடி, இல்லையென்றால் 30 நாளில் முழுத் தொகை." பத்து உருப்படி பழுது. நாலாம் நாள் திருப்பி அனுப்பியாச்சு, அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். இன்று ஒன்பதாம் நாள், பணமும் அனுப்பியாச்சு.

ஏட்டில் போட்டது இதுதான். கொள்முதல் பற்று 50,000. வழங்குநர் வரவு 40,000. பெற்ற தள்ளுபடி வரவு 10,000. திருப்பிய பத்துக்கு 5,000 கழித்தோம். 40,000-க்கு 2% என்று 800 கழித்தோம். மிச்சம் 34,200 வங்கியில் போனது.

விற்றவர் 1,080 பாக்கி என்று எழுதுகிறார். தள்ளுபடி என்றால் தள்ளுபடிதானே, இரண்டும் வருமானம்தானே? அவர் கணக்கில்தான் எங்கோ இடிக்கிறது என்று நினைக்கிறேன்.

நாள்வழி · ஜூன் 9, காலை

குழப்பமே வேண்டாம். கடனுக்கு வாங்கினால் வியாபாரத் தள்ளுபடி, ரொக்கத்துக்கு வாங்கினால் ரொக்கத் தள்ளுபடி. நீங்கள் கடனுக்கு வாங்கியிருக்கிறீர்கள். முதல் 20% ஏட்டுக்கே வராது. அடுத்த 2% மூன்று பத்தி ரொக்க ஏட்டில் வரவுப் பக்கம் தள்ளுபடிப் பத்தியில் உட்காரும். அவ்வளவுதான்.

பேரேட்டுப்பூச்சி · ஜூன் 9, மதியம்

நாள்வழி சொன்னதில் பின்பாதி சரி, முன்பாதி தலைகீழ். ரொக்கத் தள்ளுபடி என்று ஒன்று பிறக்கவே முதலில் ஒரு கடன் இருக்க வேண்டும். 30 நாள் தவணை கொடுத்தவர், "சீக்கிரம் கொடுத்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன்" என்கிறார். அந்த 2% நேரத்துக்கான விலை. வியாபாரத் தள்ளுபடிக்கும் கடனுக்கும் சம்பந்தமே இல்லை. மறுவிற்பனையாளர் என்பதற்காகவோ நிறைய வாங்குகிறார் என்பதற்காகவோ விலையையே குறைப்பது அது. கையில் காசு கொடுத்து வாங்கினாலும் அந்த 20% உண்டு.

புதுப்பேரேடு, விற்றவர் கணக்கு இடிக்கவில்லை. 1,080 சரியான எண். பிரித்துப் பாருங்கள்: 1,000 ஒரு தப்பு, 80 இன்னொரு தப்பு.

முதல் தப்பு. பத்து உருப்படியை நீங்கள் தலா 500-க்கு வாங்கவில்லை, 400-க்கு வாங்கினீர்கள். திருப்பும்போதும் 400 வீதம்தான் வரவுக் குறிப்பு வரும், அதாவது 4,000. நீங்கள் 5,000 கழித்துவிட்டீர்கள். 20% கழிவு கூடவே திரும்பிப் போக வேண்டிய 1,000 உங்களிடமே தங்கிவிட்டது.

இரண்டாவது. திருப்பிய பிறகு கடன் 36,000. 2% அதற்குத்தான், 720. திருப்பிய சரக்குக்குப் பணமே கட்டவில்லை, பிறகு "சீக்கிரம் கட்டியதற்கு" தள்ளுபடி எப்படி? நீங்கள் 800 எடுத்தீர்கள், கூடுதல் 80.

36,000 கழித்தல் 720, 35,280. கட்டியது 34,200. மிச்சம் 1,080. நாளை பத்தாம் நாள். நாளைக்குள் அனுப்பிவிடுங்கள், பிறகு சாவகாசமாக ஏட்டைத் திருத்தலாம்.

புதுப்பேரேடு · ஜூன் 9, மதியம்

தொகை புரிந்தது. ஆனால் 10,000-ஐத் தனியாகக் காட்டினால் என்ன கெட்டுவிடும்? கொள்முதல் 50,000, வருமானம் 10,000. நிகரம் 40,000-தானே. இலாபம் மாறாது. முதலாளிக்கும் எவ்வளவு தள்ளுபடி வாங்கித் தந்திருக்கிறோம் என்று தெரியும்.

தணிக்கைப்பேனா · ஜூன் 9, மாலை

"இலாபம் மாறாது" என்பது இரண்டு நிபந்தனையோடு உண்மை: ஆண்டு முடிவில் கையிருப்பு ஒன்றுகூட இருக்கக்கூடாது, பட்டியல் விலையில் திருப்பமும் எழுதியிருக்கக்கூடாது. சரக்கு மிச்சம் இருந்தால் இப்படி ஆகும்.

உங்களிடம் 90 உருப்படி. 60 விற்றுவிட்டீர்கள், தலா 600-க்கு, விற்பனை 36,000. 30 கிடங்கில் இருக்கிறது. உண்மை அடக்கம் தலா 400, ஆக விற்றவற்றின் அடக்கம் 24,000, மொத்த இலாபம் 12,000.

உங்கள் ஏட்டின்படி: கொள்முதல் 50,000, திருப்பம் 5,000, நிகரம் 45,000. இறுதி இருப்பு 30-ஐ 500 வீதம் மதிப்பிடுவீர்கள், ஏனென்றால் ஏடு அந்த விலையைத்தான் சொல்கிறது, 15,000. விற்றவற்றின் அடக்கம் 30,000. மொத்த இலாபம் 6,000 மட்டும். கீழே பெற்ற தள்ளுபடி 10,000 வந்து சேரும். ரொக்கத் தள்ளுபடியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் 16,000 இலாபம் காட்டுகிறீர்கள். உண்மையில் 12,000.

4,000 அதிகம். அதில் 3,000 விற்காத 30 உருப்படியின் கழிவு; விற்பதற்கு முன்பே இலாபமாகிவிட்டது. மீதி 1,000 தான் வேடிக்கை: திருப்பி அனுப்பிய சரக்கிலிருந்து இலாபம்!

இதைக் கண்டுபிடிக்க வவுச்சரைப் புரட்டவே வேண்டாம். மொத்த இலாப விகிதம் இருக்க வேண்டியதில் பாதியாக, 33% இருக்கும் இடத்தில் 16-17% என்று நிற்கும். அடியில் பெற்ற தள்ளுபடி மலைபோல் இருக்கும். நல்ல விலைக்கு வாங்கி நன்றாக விற்றவர், ஏட்டில் தள்ளுபடியால் பிழைப்பவர் மாதிரித் தெரிவார். அப்படி ஒரு ஏட்டைப் பார்த்தால் நான் முதலில் கொள்முதல் பில் ஒன்றை எடுத்துப் பேரேட்டோடு வைத்துப் பார்ப்பேன். பத்தில் ஒன்பது முறை, பட்டியல் விலைதான் ஏறியிருக்கும்.

முதலாளிக்குத் தெரிய வேண்டுமென்றால் பில்லின் நகலைக் காட்டுங்கள். அதில் 50,000, 20%, 40,000 மூன்றும் அச்சாகியிருக்கும். வியாபாரத் தள்ளுபடிக்கு பில்தான் இடம், பேரேடு இல்லை.

கிடங்குச்சாவி · ஜூன் 9, இரவு

எங்களுக்கும் இதே பிரச்சினைதான். வருஷத்துக்கு 1,000 உருப்படி வாங்கினால் 3% திரும்பக் கொடுக்கிறார்கள். மார்ச்சில் கிரெடிட் நோட் வந்தது. நாங்கள் அதை ரொக்கத் தள்ளுபடியில் போட்டோம். அதுவும் வியாபாரத் தள்ளுபடி மாதிரி பேரேட்டுக்கு வரக்கூடாதா? வந்தது வந்துவிட்டதே, இப்போது எப்படி எடுப்பது?

பேரேட்டுப்பூச்சி · ஜூன் 9, இரவு

இது வேறு கதை சாவி. பில்லில் இல்லாதது, பிற்பாடு வந்தது. சீக்கிரம் கட்டியதற்காகவும் வரவில்லை, நிறைய வாங்கியதற்காக வந்தது. ஆகவே ரொக்கத் தள்ளுபடி கிடையாது. குணத்தில் வியாபாரத் தள்ளுபடிக்குத் தங்கை, ஆனால் பேரேட்டுக்குக் கட்டாயம் வரும். வழங்குநர் கணக்கு ஏற்கெனவே பில் தொகையில் நிற்கிறதே, அதைக் குறைத்தாக வேண்டும். வழங்குநர் பற்று, கொள்முதல் வரவு. தள்ளுபடி வருமானத்தில் போட்டிருந்தால் அந்தக் கணக்கைப் பற்று வைத்துக் கொள்முதலுக்கு மாற்றுங்கள். அந்தச் சரக்கில் ஒரு பங்கு கையிருப்பில் இருந்தால் அதன் அடக்கமும் 3% இறங்க வேண்டும். மேலே பேனா சொன்ன அதே காரணம்தான்.

நாள்வழி · ஜூன் 10, காலை

நான் சொன்னதில் ஒன்றை விடமாட்டேன். தேர்வுக் கணக்குகளில் "ரொக்கத்துக்குச் சரக்கு வாங்கியது 10,000, வியாபாரத் தள்ளுபடி 10%, ரொக்கத் தள்ளுபடி 5%" என்று வருகிறதே? கொள்முதல் பற்று 9,000, ரொக்கம் வரவு 8,550, பெற்ற தள்ளுபடி வரவு 450 என்றுதான் விடை. அங்கே கடன் எங்கே இருக்கிறது?

பேரேட்டுப்பூச்சி · ஜூன் 10, காலை

தேர்வில் அப்படியே எழுதுங்கள், மதிப்பெண் வரும். நடைமுறையில் பணமும் சரக்கும் ஒரே நேரத்தில் கைமாறினால் விலையே 8,550 என்பேன். தவணை இல்லாத இடத்தில் தவணையைச் சுருக்கியதற்கான தள்ளுபடி எதற்கு?

தணிக்கைப்பேனா · ஜூன் 10, காலை

இதில் நான் பூச்சியோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. எல்லோருக்கும் 30 நாள் தவணை கொடுக்கும் விற்பனையாளர், உடனே கட்டுகிறவருக்கு 5% விட்டால் அதைத் தனியாகப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. தவணைக்கு அவர் எவ்வளவு விலை கொடுக்கிறார் என்று தெரியும். தவணையே கொடுக்காத இடத்தில் பூச்சி சொல்வதுதான் சரி. இது தீராத வழக்கு, விட்டுவிடுவோம்.

விற்பனைப்பக்கம் · ஜூன் 10, மதியம்

எல்லோரும் வாங்குகிறவர் ஏட்டிலேயே நிற்கிறீர்கள். எதிர்ப்பக்கம் இது.

பில் போட்ட அன்று: வாடிக்கையாளர் பற்று 40,000, விற்பனை வரவு 40,000. 50,000 இங்கேயும் எங்கும் வராது. விற்பனை ஏட்டில் விவரப் பத்தியில் பட்டியல் விலையையும் கழிவையும் எழுதிக்கொள்ளலாம், தொகைப் பத்தியில் 40,000 மட்டும்.

திருப்பம் வந்த அன்று: விற்பனைத் திருப்பம் பற்று 4,000, வாடிக்கையாளர் வரவு 4,000.

35,280 வந்த அன்று: வங்கி பற்று 35,280, அளித்த தள்ளுபடி பற்று 720, வாடிக்கையாளர் வரவு 36,000.

வாங்குகிறவர் ஏட்டில் இதே மூன்றும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். கொள்முதல் 40,000, கொள்முதல் திருப்பம் 4,000. கடைசியில் வழங்குநர் பற்று 36,000, வங்கி வரவு 35,280, பெற்ற தள்ளுபடி வரவு 720.

எங்கள் பக்கம் அடிக்கடி கெடுவது கடைசிப் பதிவுதான். 35,280 வந்ததும் வாடிக்கையாளரை 35,280-க்கு மட்டும் வரவு வைத்துவிட்டு, தள்ளுபடியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள். பேரேட்டில் 720 பற்று மீதியாக நிற்கும். இரண்டு மாதம் கழித்து நிலுவைப் பட்டியல் எடுத்தால் இந்த மாதிரிச் சில்லறைகள் பக்கம் பக்கமாக வரும். ஒவ்வொன்றையும் அதன் பில்லில் திருப்பம் போக மிஞ்சிய தொகையால் வகுத்துப் பாருங்கள். விடை சரியாக 2% வந்தால் அது கடன் இல்லை, எழுதாமல் விட்ட தள்ளுபடி.

புதுப்பேரேடு · ஜூன் 10, மதியம்

அப்படியென்றால் விற்றவருக்கு அந்த 720 செலவு. விளம்பரச் செலவு மாதிரி கீழே போகும். சரியா?

விற்பனைப்பக்கம் · ஜூன் 10, மாலை

பழைய பழக்கத்தில் ஆம். IFRS 15 பின்பற்றுகிறவர்களுக்கு இல்லை. 2018 தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்த தரம் அது. அதன் பார்வையில், சீக்கிரம் கட்டினால் குறையும் விலை என்பது இன்னும் உறுதியாகாத விலை. பில் போடும் அன்றே யோசிக்க வேண்டும்: இந்த வாடிக்கையாளர் பத்து நாளுக்குள் கட்டுவாரா? வழக்கமாகக் கட்டுகிறவர் என்றால் 40,000-ஐ விற்பனையாகக் காட்டவே கூடாது, 39,200 தான். அவர் தவறிப்போய் முப்பதாம் நாள் 40,000 கட்டினால் அந்த 800 அப்போது விற்பனையில் சேரும். எப்படிப் பார்த்தாலும் தள்ளுபடி விற்பனையைக் குறைக்கிறது, செலவாகக் கீழே போய் உட்காருவதில்லை.

சின்ன நிறுவனங்களில் பேரேட்டில் அளித்த தள்ளுபடி என்று தனிக் கணக்கு வைத்துக்கொண்டு, அறிக்கை தயாரிக்கும்போது விற்பனையிலிருந்து கழித்துக் காட்டுகிறார்கள். ஆண்டு முடிவில், இன்னும் பத்து நாள் முடியாத பில்களை மட்டும் தனியே எடுத்து, எவ்வளவு தள்ளுபடி போகும் என்று கணித்தால் போதும்.

நாள்வழி · ஜூன் 10, மாலை

இதே நியாயம் வாங்குகிறவருக்கும் உண்டா? பெற்ற தள்ளுபடி வருமானம் என்றுதான் எல்லாப் பாடத்திலும் இருக்கிறது.

தணிக்கைப்பேனா · ஜூன் 10, இரவு

உண்டு. சரக்கிருப்புக்கான IAS 2, வியாபாரத் தள்ளுபடியையும் அதைப் போன்றவற்றையும் கழித்துத்தான் கொள்முதல் அடக்கம் என்கிறது. சீக்கிரம் கட்டியதற்கான தள்ளுபடியையும் அடக்கத்தில் கழிக்க வேண்டும் என்பதே அதன் ஏற்கப்பட்ட வாசிப்பு. புதுப்பேரேட்டின் 30 உருப்படிக்கு அடக்கம் 400 இல்லை, 392. இருப்பு 12,000-க்குப் பதில் 11,760. வித்தியாசம் 240.

240-க்காக யாரும் அறிக்கையைத் திருப்பி எழுதச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வாங்குவதில் பெரும்பகுதிக்கும் 2% எடுக்கிற, ஆண்டு முடிவில் கிடங்கு நிறைந்து நிற்கிற நிறுவனத்தில் இதே கணக்கு பெரிய எண்ணாகும். அங்கே நான் கேட்பேன்.

பேரேட்டுப்பூச்சி · ஜூன் 10, இரவு

கேளுங்கள். ஆனால் உருப்படி உருப்படியாக 392 என்று திருத்தச் சொல்லாதீர்கள், கிடங்கு மென்பொருள் அழும். பெற்ற தள்ளுபடியில் எவ்வளவு பங்கு விற்காத சரக்கைச் சேர்ந்தது என்று விகிதத்தில் எடுத்து ஒரே பதிவில் முடிக்கலாம். இங்கே 720-இல் மூன்றில் ஒன்று, 240. பெற்ற தள்ளுபடி பற்று, சரக்கிருப்பு வரவு.

புதுப்பேரேடு, திருத்தப் பதிவுகளையும் தருகிறேன். பெற்ற தள்ளுபடி பற்று 10,000, கொள்முதல் வரவு 10,000. கொள்முதல் திருப்பம் பற்று 1,000, வழங்குநர் வரவு 1,000. பெற்ற தள்ளுபடி பற்று 80, வழங்குநர் வரவு 80. இப்போது வழங்குநர் கணக்கில் 1,080 வரவு மீதி நிற்கும், அவர் சொல்கிற அதே எண். அனுப்பிவிட்டீர்களா?

புதுப்பேரேடு · ஜூன் 11, காலை

நேற்று மாலை ஆறு மணிக்கு அனுப்பினோம். அவர்கள் வங்கியில் இன்று காலைதான் ஏறியது. அவர்களிடமிருந்து புது ஓலை: 22.04 பாக்கியாம். இது எங்கிருந்து முளைத்தது?

நாள்வழி · ஜூன் 11, காலை

நான் போட்டுப் பார்த்தேன், வேறு எண் வருகிறது. ஒன்பதாம் நாள் கட்டியது 34,200. அதற்கு 2% தள்ளுபடி 684. இரண்டும் சேர்ந்து 34,884. 36,000-இல் மிச்சம் 1,116. நேற்று அனுப்பியது 1,080. ஆக 36 பாக்கி இருக்க வேண்டும். 22 எப்படி?

விற்பனைப்பக்கம் · ஜூன் 11, மதியம்

2% என்பது கட்டிய பணத்துக்கு இல்லை நாள்வழி, தீர்ந்த கடனுக்கு. 100 கடனைத் தீர்க்க 98 கட்டுகிறோம். ஆகவே கட்டிய 34,200-ஐ 0.98-ஆல் வகுக்க வேண்டும். 34,897.96 கடன் தீர்ந்தது. தள்ளுபடி 697.96. மிச்சக் கடன் 1,102.04. இரண்டாவது பணம் பத்தாம் நாள் தாண்டி வந்ததாக அவர்கள் எண்ணுகிறார்கள், ஆகவே அதற்குத் தள்ளுபடி இல்லை. 1,102.04 கழித்தல் 1,080, 22.04. நேற்றே ஏறியிருந்தால் சுத்தமாகத் தீர்ந்திருக்கும்.

பகுதிப் பணம் வரும் இடத்தில் எல்லா அலுவலகத்திலும் இந்தத் தகராறு உண்டு. ஒருவர் பெருக்குவார், ஒருவர் வகுப்பார், மாதக் கடைசியில் இரண்டு ஏடும் சில்லறையில் ஒட்டாது. இன்னொரு வகையும் உண்டு: பகுதிப் பணத்துக்குத் தள்ளுபடியே கிடையாது என்று நிபந்தனையில் எழுதியிருப்பார்கள். அப்படியிருந்தால் நேற்று வரை பாக்கி 1,800 ஆகியிருக்கும். உங்கள் விற்பனையாளர் நல்லவர்.

கிடங்குச்சாவி · ஜூன் 11, மதியம்

22-க்கு இவ்வளவு பக்கமா! பத்து நாளை எதிலிருந்து எண்ண வேண்டும்? சரக்கு எங்கள் கைக்கு வருவதே பில் போட்டு ஆறாம் நாள். பிரித்துப் பார்க்க ஒரு நாள். எங்களுக்கு மிஞ்சுவது மூணு நாள்.

தணிக்கைப்பேனா · ஜூன் 11, மாலை

வேறாக எழுதாத வரை பில் தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள், சரக்கு வந்த நாளிலிருந்து இல்லை. "மாதக் கடைசியிலிருந்து 10 நாள்" என்றும் சிலர் எழுதுவார்கள். ஆர்டர் கொடுக்கும்போதே பேசி மாற்றிக்கொள்ள வேண்டிய விஷயம் சாவி. பணம் அனுப்பிய நாளா, போய்ச் சேர்ந்த நாளா என்பதும் அப்படித்தான். பில்லில் எதுவும் இல்லையென்றால் இரண்டு பக்கமும் வாதாடலாம்.

கிடங்குச்சாவி · ஜூன் 11, இரவு

அப்படியானால் பேசாமல் முப்பதாம் நாளே கட்டிவிடலாமே. 2% தானே.

பேரேட்டுப்பூச்சி · ஜூன் 11, இரவு

2% தானே என்று சொல்லாதீர்கள். பத்தாம் நாள் 35,280 கட்டலாம், அல்லது முப்பதாம் நாள் 36,000. இருபது நாள் பணத்தைக் கையில் வைத்திருக்க 720 கொடுக்கிறீர்கள். 35,280-க்கு இருபது நாளில் 2.04%. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 37% தாண்டுகிறது. அதைவிடக் குறைந்த வட்டிக்கு வங்கியில் ஓவர்டிராஃப்ட் இருந்தால், அதை எடுத்துக் கட்டினாலும் இலாபம். ஆனால் பத்தாம் நாள் தவறிவிட்டதா, பதினோராம் நாள் ஓடிப்போய்க் கட்டாதீர்கள். முப்பது வரை வைத்துக்கொள்ளுங்கள், விலை ஒன்றுதான்.

இந்தத் தவறுகளை முதலாளி கண்ணில் காட்ட ஒரு வழி உண்டு. பில்லை முதலிலேயே நிகரத் தொகையில் ஏற்றுவது: கொள்முதல் பற்று 39,200, வழங்குநர் வரவு 39,200. பத்து நாளைத் தவறவிட்டு 40,000 கட்டினால், இழந்த தள்ளுபடி பற்று 800. ஆண்டு முடிவில் அந்த ஒரு கணக்கு சோம்பலுக்கு எவ்வளவு விலை கொடுத்தோம் என்று சொல்லிவிடும். மொத்தத் தொகையில் ஏற்றினால், எடுத்த தள்ளுபடி தெரியும். தவறவிட்டது எங்கும் தெரியாது.

விற்பனைப்பக்கம் · ஜூன் 12, காலை

அழகான முறை, ஆனால் எங்களிடமிருந்து வரும் கணக்கு அறிக்கையில் 40,000 இருக்கும், உங்கள் பேரேட்டில் 39,200. ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு பில்லுக்கும் 2% வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருக்க ஆள் வேண்டும். தள்ளுபடியைத் தவறாமல் எடுக்கிறவர்களுக்குத்தான் அது ஒத்துவரும். அவர்களுக்கு அது தேவையே இல்லை என்பது வேறு விஷயம்!

தணிக்கைப்பேனா · ஜூன் 12, காலை

அளித்த தள்ளுபடியில் நான் கட்டாயம் பார்ப்பது ஒன்று: திரும்பி வந்த காசோலைகள். 35,280-க்குக் காசோலை கொடுத்து, 720 தள்ளுபடியும் எழுதியாச்சு. ஐந்தாம் நாள் காசோலை பணமில்லாமல் திரும்பியது. பாதிப் பேர் வாடிக்கையாளர் பற்று 35,280, வங்கி வரவு 35,280 என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். பணம் கட்டாதவருக்கு 720 தள்ளுபடி இனாம். சரியான பதிவு: வாடிக்கையாளர் பற்று 36,000, வங்கி வரவு 35,280, அளித்த தள்ளுபடி வரவு 720. பில் முதலில் இருந்த நிலைக்கே போக வேண்டும். வாங்கியவர் ஏட்டிலும் பெற்ற தள்ளுபடியைப் பற்று வைத்து எடுத்துவிட வேண்டும்.

நாள்வழி · ஜூன் 12, மதியம்

பில்லில் வரி இருந்தால்? 40,000-க்கு 10% என்று 4,000 சேர்த்து 44,000 பில் என்று வையுங்கள். 2% எதற்கு, 800-ஆ 880-ஆ?

விற்பனைப்பக்கம் · ஜூன் 12, மாலை

வியாபாரத் தள்ளுபடியில் சிக்கல் இல்லை, பில்லில் கழித்த பிறகுதான் வரி ஏறும். ரொக்கத் தள்ளுபடியில் விதி நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 2015 ஏப்ரல் வரை, வாங்குகிறவர் தள்ளுபடியை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறைந்த விலைக்கே வரி போடலாம் என்று இருந்தது. அதன்பிறகு உண்மையில் கட்டிய தொகைக்குத்தான் வரி. ஒரே நாட்டிலேயே இப்படி மாறும். 880 கழிக்கிறார்கள் என்றால் அதில் 800 விலை, 80 வரி. அந்த 80-ஐ வரிக் கணக்கில் சரிசெய்ய உங்கள் ஊர் விதி என்ன ஆவணம் கேட்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். மொத்த 880-ஐயும் தள்ளுபடிக் கணக்கில் போடுவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு. பிறகு வரிக் கணக்கு ஒருபோதும் ஒட்டாது.

புதுப்பேரேடு · ஜூன் 13, காலை

திருத்தப் பதிவுகள் மூன்றும் போட்டாச்சு. பெற்ற தள்ளுபடியில் இப்போது 720 மட்டும் நிற்கிறது. 22.04-ஐப் பற்றி அவர்களுக்கு எழுதினேன், அனுப்பிய நாளைக் கணக்கில் எடுங்கள் என்று. பதில் இல்லை. ஏட்டில் இப்போது என்ன செய்வது? வழங்குநர் கணக்கு எங்களிடம் பூஜ்யம், அவர்களிடம் 22.04.

பேரேட்டுப்பூச்சி · ஜூன் 13, மதியம்

அவர்கள் விட்டுக்கொடுத்தால் உங்கள் ஏட்டில் ஒன்றுமே செய்ய வேண்டாம். அவர்கள்தான் அளித்த தள்ளுபடி பற்று 22.04, உங்கள் கணக்கு வரவு 22.04 என்று எழுத வேண்டும். விடவில்லையென்றால் நீங்கள் பெற்ற தள்ளுபடி பற்று 22.04, வழங்குநர் வரவு 22.04 என்று எழுதி, அடுத்த பில்லோடு சேர்த்துக் கட்டுங்கள். பில் தேதியிலிருந்து முப்பது நாள் ஜூன் 30-இல் முடிகிறது. அதுவரை அது தவணை கடந்த பாக்கிகூட இல்லை.

கிடங்குச்சாவி · ஜூன் 13, இரவு

எங்கள் 3%-ஐக் கொள்முதலுக்கு மாற்றியாச்சு. கையிருப்புக்கு எவ்வளவு பங்கு என்று எடுக்கப் போனால், அந்த வழங்குநர் சரக்கையும் மற்றவர் சரக்கையும் ஒரே எண்ணில் கலந்து வைத்திருக்கிறோம். பிரிக்க முடியவில்லை. கொள்முதல் விகிதத்தில் பிரிக்கலாமா?

தணிக்கைப்பேனா · ஜூன் 14, காலை

சரக்கு ஒரே வேகத்தில் விற்கிறது என்றால் பிரிக்கலாம். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் போனால் தப்பான எண் வரும். முதலில் கடைசி மூன்று மாதக் கொள்முதல் பில்களை எடுத்து, கையில் நிற்பது யாருடைய சரக்கு என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.